அத்தியாயம் 7: சங்கத்துக்கு மெடிகிளைம் விற்க வருபவரிடம் என்ன கேட்பது?

உங்கள் ஊர் வணிகர் சங்கத்துக்குக் குழு மருத்துவக் காப்பீட்டை விளக்க ஒரு புரோக்கர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரொஜெக்டர், இருபது ஸ்லைடு, அரை மணி நேரப் பேச்சு. கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார். கூட்டத்தில் யாராவது எழுந்து "பல் வலிக்குக் கிடைக்குமா? கண்ணாடிக்குக் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். அதற்குள் டீ வந்துவிடும். சங்கம் கையெழுத்துப் போடும். அடுத்த ஆண்டு பிரீமியம் தாறுமாறாக ஏறும்போதுதான், கேட்க வேண்டியதை யாருமே கேட்கவில்லை என்பது தெரியவரும்.

அந்த அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்களைச் சோதிக்க வேண்டும். சொல்லப்படும் பிரீமியம் நிற்குமா? தேவையில்லாத செலவை எது தடுக்கிறது, அந்தத் தடை யார் தலையில் விழுகிறது? யாருடைய பணம் யாருக்குப் போகிறது, அது எத்தனை நாள் தாங்கும்? கணக்கு விளங்குவதற்காக ஒரே ஒரு மாதிரிச் சங்கத்தை அத்தியாயம் முழுக்க வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, கணக்குப் போடும் முறை நிஜம்.

### கூட்டத்துக்கு முன்: மூன்று தாள்கள்

1. இப்போதுள்ள பாலிசியின் கிளைம் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வேண்டும். எந்தத் தேதி வரைக்குமான கணக்கு என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.
2. உறுப்பினர் பட்டியலை வயதுவாரியாகப் பிரித்து எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் வேண்டாம்.
3. புதிய பாலிசியின் வாசகத்தை, அதாவது விதிமுறைகள் முழுதும் உள்ள பிரதியை, இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். ஸ்லைடில் இருப்பது விளம்பரம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் பேசப்போவது பாலிசி வாசகம்தான்.

எச்சரிக்கை: கிளைம் பட்டியலில் யாருக்கு என்ன நோய் என்ற விவரம் இருக்கலாம். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், கூட்டத்தில் வாசிக்காதீர்கள். பெயரை மறைத்து வயது, தொகை, தேதி மட்டும் உள்ள பிரதியைக் கேளுங்கள். ஒரு கடைக்காரரின் டயாலிசிஸ் சிகிச்சை ஊர்ப் பேச்சாகிவிட்டால் அந்தக் காயம் ஆறாது.

### முதல் சோதனை: பிரீமியம் எங்கிருந்து வந்தது?

நம் மாதிரிச் சங்கத்தில் 600 பேர். ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு. 45 வயதுக்குக் கீழே 400 பேர், மேலே 200 பேர். இளையவர்களில் ஆண்டுக்கு 20 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், சராசரிச் செலவு 50,000 ரூபாய். ஆக 10 லட்சம். மூத்தவர்களில் 25 பேர், சராசரி 80,000 ரூபாய். ஆக 20 லட்சம். மொத்தம் 45 கிளைம், 30 லட்சம் ரூபாய். தலைக்கு 5,000.

இது வெறும் கிளைம் செலவு. நிர்வாகம், புரோக்கர் கமிஷன், கிளைம்களைக் கையாளும் டிபிஏ நிறுவனத்தின் கட்டணம், கம்பெனியின் லாபம் எல்லாவற்றுக்கும் பிரீமியத்தில் 20 சதவீதம் போகிறது என்று கொள்வோம். அப்படியானால் 30 லட்சம் என்பது பிரீமியத்தில் 80 சதவீதமாக இருக்க வேண்டும். மொத்தப் பிரீமியம் 37.5 லட்சம், தலைக்கு 6,250 ரூபாய்.

இந்தக் கணக்கை நீங்களே தாளில் போட்டுக்கொண்டு போனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி தானாக வரும்:

"சார், எங்க 600 பேர்ல வருஷத்துக்கு எத்தனை பேர் அட்மிட் ஆவாங்கன்னு வச்சு இந்தப் பிரீமியத்தைப் போட்டிருக்கீங்க? ஒரு கிளைமுக்கு சராசரியா எவ்வளவு?"

"கம்பெனி ஆக்சுவரி போட்டது" என்று மட்டும் பதில் வந்தால் விடாதீர்கள். ஆக்சுவரி போட்டதும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான். உங்கள் சங்கத்தின் மூன்றாண்டுக் கணக்கு சொல்வதைவிட மிகக் குறைந்த எண்ணை எடுத்திருந்தால், இந்த ஆண்டு வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான விலை அது. அடுத்த ஆண்டு அதை வசூலித்துவிடுவார்கள்.

ஜிஎஸ்டி சேர்த்த தொகையா, சேர்க்காததா என்பதையும் அப்போதே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. குழுக் காப்பீட்டுக்கு அந்த விலக்கு வரவில்லை. "வரியே கிடையாது" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எந்த வகைப் பாலிசியைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

### ஒன்பதாம் மாத ஏமாற்றம்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். புதுப்பிப்புப் பேச்சு பெரும்பாலும் பாலிசி முடிய இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கும். ஸ்லைடில் இப்படி இருக்கும்: "செலுத்திய பிரீமியம் 37.5 லட்சம். இதுவரை வழங்கிய கிளைம் 25 லட்சம். கிளைம் விகிதம் 67 சதவீதம்." கூட்டம் மகிழ்ச்சியடையும். நாம் கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கே மிச்சம், ஆகவே பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று தோன்றும்.

பன்னிரண்டு மாதப் பிரீமியத்தையும் ஒன்பது மாதக் கிளைமையும் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஒன்பது மாதத்துக்குரிய பிரீமியம் சுமார் 28.1 லட்சம்தான். அதை வைத்துப் பார்த்தால் விகிதம் 89 சதவீதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பின்னும் பில் போய்ச் சேராமல், அல்லது போய்ச் சேர்ந்தும் பணம் வராமல் நிற்கும் கிளைம்கள் 2 லட்சம் என்று சேர்த்துக்கொண்டால் மொத்தம் 27 லட்சம், விகிதம் 96 சதவீதம். கம்பெனிக்கு 80 சதவீதத்தில்தான் கணக்கு நேராகும் என்று பார்த்தோம். ஆக, மகிழ்ச்சியாகத் தெரிந்த அதே ஸ்லைடுக்குள் 20 சதவீத ஏற்றம் ஒளிந்திருக்கிறது.

"இந்த விகிதம் எத்தனை மாதக் கணக்கு? பிரீமியத்தையும் அதே மாதங்களுக்குப் பிரித்துப் போட்டீங்களா? இன்னும் பணம் போகாத கிளைம் இதுல சேர்ந்திருக்கா?" இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்வி இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. அந்த 27 லட்சத்தில் ஒருவருடைய பைபாஸ் அறுவை சிகிச்சை மட்டும் 4.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒதுக்கிவிட்டால் மீதி 22.5 லட்சம். விகிதம் சரியாக 80 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. கேட்கப்படும் 20 சதவீத ஏற்றம் முழுவதும் ஒரே ஒரு இதயத்தால் வந்தது என்று அர்த்தம்.

அறுநூறு பேர் என்பது நமக்குப் பெரிய கூட்டம், காப்பீட்டுக் கணக்குக்குச் சின்னக் கூட்டம். ஆண்டுக்கு 45 கிளைம் எதிர்பார்க்கும் இடத்தில், எதுவுமே மாறாமல் இருந்தாலும், ஓர் ஆண்டு முப்பதுகளின் தொடக்கத்திலும் மற்றோர் ஆண்டு ஐம்பதுகளின் கடைசியிலும் நிற்கலாம். அது தற்செயல். பல குழுக்களின் இடரை ஒன்றாகச் சேர்ப்பதற்குத்தான் காப்பீட்டுக் கம்பெனி இருக்கிறது. ஓர் ஆண்டின் கெட்ட நேரத்தை அப்படியே உங்கள் சங்கத்தின் தலையில் திருப்பிக் கட்டினால், நீங்கள் காப்பீடு வாங்கவில்லை, கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

"பெரிய கிளைம்களைத் தனியா எடுத்துட்டா விகிதம் என்ன? அந்தப் பெரிய கிளைமை மூணு வருஷத்துக்குப் பரப்பிப் பார்க்க ஒத்துக்கறீங்களா?" முழுக்க நீக்கிவிடச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு பெரிய கிளைம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரத்தான் செய்யும், அதை அடியோடு மறுத்தால் உங்கள் வாதம் நிற்காது. பரப்பச் சொல்வது நியாயமான கோரிக்கை.

### இரண்டாம் சோதனை: தேவையில்லாத செலவை எது தடுக்கிறது?

காப்பீடு இருப்பதாலேயே நடத்தை மாறுவதை மாரல் ஹஸார்டு என்பார்கள். நோயாளி தன் பணமாக இருந்தால் பொது வார்டில் படுத்திருப்பார், பாலிசி இருப்பதால் தனி அறை கேட்கிறார். ஆஸ்பத்திரி வரவேற்பில் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு எழுதப்படும் பரிசோதனைப் பட்டியல் நீளமாகிறது. இரண்டாவது வகை நம் கையில் இல்லை, ஆனால் செலவில் அதன் பங்கு சிறியதல்ல.

அடிக்கடி நடக்கும் தவறு: மாரல் ஹஸார்டையும், நோய் உள்ளவர்கள் தேடிவந்து சேர்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. முன்னது சேர்ந்த பிறகு மாறும் நடத்தை. பின்னது சேர்வதற்கு முன்பே இருக்கும் நிலைமை. கோ-பே வைத்தால் முதலாவது ஓரளவு அடங்கும். இரண்டாவதற்கு எல்லோரையும் சேர்ப்பது, காத்திருப்புக் காலம் வைப்பது போன்ற வேறு மருந்து வேண்டும். கேள்வி கேட்கும்போது எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்கான பதிலை மற்றதற்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஸ்லைடில் "அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000" என்று ஒரு வரி போகும். அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் உறுப்பினர் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார். பில் இப்படி:

- அறை வாடகை 32,000
- டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 80,000
- மருந்து, பரிசோதனை 48,000
- மொத்தம் 1,60,000

அவர் என்ன நினைப்பார்? நாளுக்கு 3,000 வீதம் 12,000 ரூபாய் தன் கையிலிருந்து போகும், அவ்வளவுதான் என்று. பாலிசியில் விகிதாசாரக் கழிவு என்ற விதி இருந்தால் கணக்கே வேறு. எட்டில் ஐந்து பங்குதான் தகுதி என்று எடுத்து, டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அறைக்கு 20,000, கட்டணங்களுக்கு 50,000, மருந்தும் பரிசோதனையும் வெட்டு இல்லாமல் 48,000. கிடைப்பது 1,18,000. கையிலிருந்து போவது 42,000. மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி. அதை மறந்து முழு பில்லையும் எட்டில் ஐந்தாக்கினால் 1,00,000தான் வரும், 18,000 ரூபாய் அநியாயமாகப் போய்விடும்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியில இரண்டு பேர் தங்கற அறைக்கு இன்னைக்கு என்ன வாடகை? அந்த அறையில படுத்தவரோட பில் ஒண்ணை எடுத்து இந்தப் பாலிசிப்படி எவ்வளவு கிடைக்கும்னு போர்டுல போட்டுக் காட்டுங்க." இதுதான் இந்த அத்தியாயத்திலேயே நல்ல கேள்வி என்பது என் கருத்து. பதில் சொல்பவருக்கு விதிமுறை தெரியுமா தெரியாதா என்பது ஐந்து நிமிடத்தில் வெளிவந்துவிடும்.

பிறகு கோ-பே. "10 சதவீதம் உறுப்பினர் கட்டினால் பிரீமியம் குறையும்" என்பார்கள். குறையும், உண்மைதான். ஆனால் எது குறைந்து குறைகிறது? அமெரிக்காவில் 1970களில் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரிய சோதனையில், இலவச சிகிச்சை பெற்றவர்களைவிடத் தங்கள் பங்குக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் மருத்துவச் சேவையைக் கணிசமாகக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை. தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவச சிகிச்சைதான் நல்ல பலன் கொடுத்தது. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கும் கடைப் பையனுக்கு 80,000 ரூபாய் பில்லில் 8,000 என்பது ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போட வைக்கும் தொகை.

ஆகவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். "கோ-பே வச்சா பிரீமியம் எவ்வளவு குறையுது, ரூபாய்ல சொல்லுங்க." "விபத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் கோ-பே இல்லாம, தேதி குறிச்சுப் பண்ற சிகிச்சைக்கு மட்டும் வைக்க முடியுமா?" எலும்பு முறிந்து வருபவர் பாலிசி இருக்கிறதே என்று வேண்டுமென்றே விழவில்லை. அவரிடம் 10 சதவீதம் பிடிப்பதால் எந்த வீண் செலவும் குறையாது.

### மூன்றாம் சோதனை: யார் யாருக்காகக் கட்டுகிறார்கள்?

நம் மாதிரிச் சங்கத்தில் இளையவர் ஒருவருக்கான உண்மைச் செலவு 2,500 ரூபாய், நிர்வாகம், கமிஷன் எல்லாம் சேர்த்து 3,125. மூத்தவருக்கு 10,000, சேர்த்தால் 12,500. எல்லோரும் 6,250 கட்டுகிறார்கள். இளையவர் தனக்கு வேண்டியதைப் போல இருமடங்கு கட்டுகிறார். நாளைக்கு அவரும் மூத்தவர் ஆவார், அப்போது அவருக்குத் திரும்பி வரும் என்பதுதான் இதில் உள்ள நியாயம். சங்கமும் திட்டமும் அதுவரை நிலைத்திருந்தால் மட்டுமே அந்த நியாயம் செல்லும்.

சேர்வது அவரவர் விருப்பம் என்றால் என்ன ஆகிறது பாருங்கள். இளையவர்களில் 150 பேர் விலகுகிறார்கள். மீதி 450 பேருக்குச் செலவு 26.25 லட்சம், பிரீமியம் தலைக்கு சுமார் 7,290. அதைப் பார்த்து இன்னும் 150 பேர் விலகினால் 9,375. இத்தனைக்கும் விலகுபவர்களும் இருப்பவர்களும் ஒரே அளவு ஆரோக்கியம் என்று வைத்தே இந்தக் கணக்கு. நிஜத்தில் திடகாத்திரமானவர்தான் முதலில் போவார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1990களின் நடுவில் தன் ஊழியர்களுக்கு எந்தத் திட்டமானாலும் ஒரே அளவு உதவித்தொகை என்று மாற்றியபோது இதுதான் நடந்தது. அதிக வசதியுள்ள திட்டத்தின் பிரீமியத்தில் ஊழியர் பங்கு ஏறியது. இளைய, நலமான ஊழியர்கள் மலிவான திட்டத்துக்கு மாறினார்கள். ஏற்றம் மேலும் ஏற்றத்தைக் கூட்டிச் சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கேட்க வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

1. "எத்தனை சதவீதம் பேர் சேர்ந்தா இந்த விலை? அதுக்குக் கீழ போனா விலை என்ன?"
2. "வயதுவாரியா இரண்டு விலை போட்டா என்ன வரும்?" முழு வித்தியாசத்தையும் மூத்தவர் மேல் ஏற்றத் தேவையில்லை. இளையவருக்கு 4,500, மூத்தவருக்கு 9,750 என்று வைத்தாலும் அதே 37.5 லட்சம் வருகிறது. என் ஓட்டு இப்படிப்பட்ட நடுவழிக்கும், எல்லாக் கடைகளும் கட்டாயம் சேர வேண்டும் என்ற தீர்மானத்துக்கும்தான்.
3. "ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முதல் நாள்லேருந்தே உண்டா? அப்படின்னா நடுவுல யார் வேணா சேரலாமா?" முதல் நாளிலிருந்தே உண்டு என்பது குழுக் காப்பீட்டின் பெரிய வசதி. ஆனால் ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்தால், ஆபரேஷன் தேதி குறித்த பிறகு சேர்பவருக்காக, ஐந்து ஆண்டாகக் கட்டி வருபவர் பணம் கொடுக்கிறார். சேர்க்கைக்கு ஒரு மாதம் மட்டும் திறந்து, புதிதாக வரும் ஊழியர், திருமணம், குழந்தைப் பிறப்பு ஆகியவற்றுக்கு விலக்கு கொடுப்பது நல்ல ஏற்பாடு.
4. "சங்கத்தை விட்டுப் போறவர், அல்லது இந்தப் பாலிசி நின்னுபோனா நாங்க எல்லோருமே, இதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா? இதுவரை இருந்த வருஷங்கள் காத்திருப்புக் காலத்துல கழியுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் பாலிசியில் ஒருவர் கிளைம் வாங்கினார் என்பதற்காக அவருக்கு மட்டும் புதுப்பிப்பில் பிரீமியத்தை ஏற்ற முடியாது. குழுவில் ஒருவருடைய கிளைம் மொத்தக் குழுவின் விலையையும் ஏற்றும். அறுபது வயதில் குழு கலைந்தால் வெளியே நிற்பவருக்கு இந்தக் கேள்விதான் எல்லாம்.

### கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

முதலில் எண்ணைக் கேளுங்கள், பிறகு விதியை, கடைசியில் "ஏன்" என்பதை. வரிசை மாறி முதலிலேயே "இது நியாயமா?" என்று ஆரம்பித்தால் கூட்டம் இரண்டு கட்சியாகும், புரோக்கர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். கேள்விகளை மூன்று பேர் பிரித்துக்கொண்டு கேட்பது நல்லது. நான்காமவர் பதில்களை அப்படியே எழுதட்டும்.

"வயசானவங்களை எடுத்துட்டா எல்லாருக்கும் விலை குறையுமே" என்று கூட்டத்தில் ஒரு குரல் வரும். அதை அடக்காதீர்கள், கணக்கால் பதில் சொல்லுங்கள். 45 வயதைத் தொட்டவரை எல்லாம் நீக்கினால் இன்று 44 வயதுக்காரர் அடுத்த ஆண்டு எங்கே போவார் என்று கேளுங்கள்.

"பார்த்துச் சொல்றேன்" என்ற பதிலுக்குத் தேதி குறியுங்கள். மறுநாளே எல்லாக் கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்பி, பாலிசி வாசகத்தில் எந்தப் பிரிவில் அந்தப் பதில் இருக்கிறது என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். பிரிவு எண் வராத வாக்குறுதிகளை இல்லாதவையாகவே எடுத்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கை: நிரப்பாத விண்ணப்பப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உறுப்பினர்களில் யாரிடமாவது ஏற்கெனவே தனிநபர் பாலிசி இருந்தால், குழுவில் சேர்ந்தாயிற்று என்று அதைக் கைவிட வேண்டாம் என்று கூட்டத்திலேயே அறிவியுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி தவிர வேறு காரணம் சொல்லி, நோயை மறைத்தார் என்று கிளைமை மறுக்க முடியாது. பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக வாங்கினால் அந்த ஐந்து ஆண்டையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.